கண் ஓடுகிறது, காது உட்கார்ந்திருக்கிறது: வி.ஆர். விளையாட்டில் ஏன் குமட்டுகிறது, எதை மாற்றினால் குறையும்?

(நமது நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், குடியிருப்பாளரும் விளையாட்டு மென்பொருள் சோதனையாளருமான உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



விளையாட்டு அறையில் இருக்கும் வி.ஆர். ஹெட்செட்டைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். காரணம் உங்களுக்கே தெரியும். அது வந்த இரண்டு மாதத்தில் மூன்று பிள்ளைகள் வாந்தி எடுத்துவிட்டார்கள். ஒரு பெரியவர் அதைக் கழற்றிய பிறகும் அரை மணி நேரம் சோபாவில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதைப் பற்றி முடிவெடுக்கப் போகிறார்கள். "விற்றுவிடலாம்" என்று ஒரு தரப்பு சொல்கிறது. "பழகப் பழகச் சரியாகிவிடும், கொஞ்சம் பொறுத்துக்கொண்டு விளையாடட்டும்" என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இதில் இரண்டாவது யோசனைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில், இந்தக் குமட்டல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். அது புரிந்துவிட்டால் மெனுவில் இருக்கும் ஒவ்வொரு அமைப்பும் எதற்காக என்று தானே விளங்கிவிடும்.

காதுக்குள் இருக்கும் ரசமட்டம்

கொத்தனார் கையில் ரசமட்டம் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் குழாய்க்குள் கொஞ்சம் திரவம், அதில் ஒரு குமிழி. நம் உட்காதிலும் கிட்டத்தட்ட அதுபோன்ற ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள். உள்ளே திரவம். தலையைத் திருப்பினால் குழல் திரும்பும், ஆனால் திரவம் ஒரு கணம் பின்தங்கும். அந்த வித்தியாசத்தை நரம்பு மூளைக்குச் சொல்கிறது: "தலை திரும்புகிறது." அதன் பக்கத்திலேயே நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் படிந்த இரண்டு பைகள் இருக்கின்றன. வண்டி கிளம்பும்போதும், பிரேக் போடும்போதும், லிஃப்ட் ஏறத் தொடங்கும்போதும் அந்தத் துகள்கள் சற்றே நகர்ந்து "வேகம் மாறுகிறது" என்று சொல்லும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கருவிக்கு வேகம் தெரியாது. வேகத்தில் ஏற்படும் மாற்றம் மட்டுமே தெரியும். விமானம் மணிக்கு 800 கிலோமீட்டரில் போகிறது, நாம் உள்ளே நிம்மதியாகக் காபி குடிக்கிறோம். காதைப் பொறுத்தவரை அப்போது எதுவும் நடக்கவில்லை. அதே விமானம் ஓடுபாதையில் கிளம்பும்போது முதுகு இருக்கையில் அழுந்துகிறதே, அதைத்தான் காது அறியும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்லப்போவது முழுக்க இதிலிருந்து வருவதுதான்.

கண்ணுக்கும் ஒரு தனிப் பழக்கம் உண்டு. எழும்பூரில் ரயிலில் உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்துத் தடத்தில் நிற்கும் ரயில் மெல்ல நகர்கிறது. நம் ரயில்தான் கிளம்பிவிட்டது என்று ஒரு நொடி நினைக்கிறோம். பார்வையின் பெரும்பகுதி ஒரே திசையில் நகர்ந்தால், "நாம் நகர்கிறோம்" என்று கண் முடிவு கட்டிவிடும். அதிலும் பார்வையின் ஓரப்பகுதிக்கு இந்த விஷயத்தில் செல்வாக்கு அதிகம். வீட்டு டிவி எவ்வளவு பெரிதானாலும் அதைச் சுற்றிச் சுவர், ஜன்னல், அலமாரி எல்லாம் அசையாமல் தெரியும். ஹெட்செட் அப்படி இல்லை. ஓரம் வரை நிரப்பிவிடும். அசையாமல் இருக்கும் ஒரு பொருளும் கண்ணில் படாது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பிள்ளை விளையாட்டு அறையில் அசையாமல் நிற்கிறான். கையில் இருக்கும் கன்ட்ரோலரில் கட்டைவிரலால் ஸ்டிக்கை முன்னே தள்ளுகிறான். காட்டுக்குள் ஓடுவதாகக் கண் சொல்கிறது. "ஓடவில்லையே, நின்ற இடத்திலேயே நிற்கிறோமே" என்று காது சொல்கிறது. மூளைக்கு இந்த வழக்கைத் தீர்த்துவைக்கத் தெரியவில்லை. விளைவு வயிற்றில் தெரிகிறது.

மலைப்பாதையில் பேருந்தில் வரும் குமட்டலும் இதே வழக்குதான், ஆனால் கட்சிகள் இடம் மாறியிருக்கும். கொல்லிமலைக்கு ஏறும்போது 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவையும் காது சொல்கிறது. ஆனால் பையன் குனிந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கண்ணுக்கு எல்லாம் அசையாமல் இருக்கிறது. அங்கே காது ஓடுகிறது, கண் உட்கார்ந்திருக்கிறது. இங்கே கண் ஓடுகிறது, காது உட்கார்ந்திருக்கிறது. அதே பேருந்தில் ஓட்டுநருக்குப் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை. அடுத்த திருப்பம் எப்போது, எவ்வளவு என்று அவருக்கு முன்பே தெரியும். இந்த ஓட்டுநர் விஷயமும் பின்னால் நமக்கு உதவப்போகிறது.

குமட்டலுக்கு உட்காதுதான் வாசல் என்பதற்கு ஒரு சுவையான சான்று இருக்கிறது. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையும் பிறகு நாசாவும், காது கேளாதோருக்கான கல்லாடெட் கல்லூரியைச் சேர்ந்த 11 பேரைச் சோதனைகளுக்கு எடுத்துக்கொண்டன. அவர்களில் 10 பேருக்குச் சிறுவயதில் வந்த மூளைச்சவ்வுக் காய்ச்சலால் செவிப்புலனோடு இந்தச் சமநிலை உறுப்பும் செயலிழந்திருந்தது. நோவா ஸ்கோஷியா கடற்கரைக்கு அப்பால், அலை கொந்தளிக்கும் கடலில் ஒரு படகில் அவர்களை ஏற்றிச் சென்றார்கள். அவர்கள் சீட்டாடிக்கொண்டு ஜாலியாக இருந்தார்கள். சோதனை செய்ய வந்த ஆராய்ச்சியாளர்களுக்குத்தான் கடல் நோய் வந்து, சோதனையையே கைவிட வேண்டியதாயிற்று. சமநிலை உறுப்பு சாட்சி சொல்லாவிட்டால் வழக்கே இல்லை. ஆக, நம் பிள்ளைகளுக்குக் குமட்டுகிறது என்றால் அவர்கள் காது நன்றாக வேலை செய்கிறது என்றுதான் பொருள். பலவீனம் அல்ல, பயம் அல்ல.

எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள்

"வி.ஆர். போட்டால் தலை சுற்றுகிறது" என்று எல்லோரும் ஒரே வாக்கியமாகச் சொல்கிறோம். ஆனால் அதற்குள் இரண்டு வேறு தொல்லைகள் இருக்கின்றன. ஒன்று, கருவி சரியாகப் பொருந்தாத தொல்லை. மற்றது, நான் இதுவரை சொன்ன கண்ணுக்கும் காதுக்குமான சண்டை. முதலாவதை விளையாட்டின் அமைப்புகளால் சரிசெய்ய முடியாது. இரண்டாவதைப் பட்டையை இறுக்கிச் சரிசெய்ய முடியாது. எது என்று பிரித்தறிய ஐந்து நிமிடம் போதும்.

ஹெட்செட்டைப் போட்டு, எந்த விளையாட்டையும் திறக்காமல் முகப்புத் திரையிலேயே நில்லுங்கள். அங்கே எதுவும் உங்களை நகர்த்தாது. "வேண்டாம்" என்று தலையாட்டுவதுபோல் மெதுவாக இடவலமாகத் திரும்பிப் பாருங்கள். எதிரே தெரியும் சுவரும் மேசையும் நிஜ அறையில் இருப்பதுபோல் நட்டுவைத்தபடி நிற்க வேண்டும். அவை தலையோடு சேர்ந்து மிதந்தாலோ, ஒரு நொடி தாமதித்து வந்து சேர்ந்தாலோ, கருவியால் உங்கள் தலையைச் சரியாகப் பின்தொடர முடியவில்லை. பெரும்பாலும் அறையில் வெளிச்சம் போதாது, அல்லது எதிரே பெரிய கண்ணாடி இருக்கிறது, அல்லது ஹெட்செட்டின் வெளிப்புறக் கேமராவில் விரல் பட்டு எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. விளக்கைப் போட்டு, மென்மையான துணியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். முகப்புத் திரையில் ஒழுங்காக இருந்து, ஒரு குறிப்பிட்ட விளையாட்டில் மட்டும் படம் விட்டுவிட்டு வந்தால், அந்த விளையாட்டு கருவியின் சக்திக்கு மேல் கேட்கிறது. நொடிக்கு 72 முதல் 90 படம் வரை சீராக வர வேண்டிய இடம் அது. நடுநடுவே விட்டுப்போனால் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் உறுத்தும்.

அடுத்தது எழுத்து. திரையில் இருக்கும் எழுத்து மங்கலாகவோ இரண்டாகவோ தெரிகிறதா? புருவத்துக்கு மேல் வலிக்கிறதா? அப்படியானால் லென்ஸ்களின் இடைவெளி உங்கள் கண்ணுக்குப் பொருந்தவில்லை. பெரியவர்களின் இரண்டு கருவிழிகளுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் இருக்கும், பிள்ளைகளுக்குக் குறைவு. குவெஸ்ட் 2 போன்ற கருவியில் லென்ஸைக் கையாலேயே நகர்த்தி 58, 63, 68 என்று மூன்று நிலைகளில் வைக்கலாம். நம் அறையில் ஒருவர் விட்டுப்போன நிலையிலேயே அடுத்தவர் போட்டுக்கொள்கிறார். அப்பா போட்ட பிறகு 11 வயது மகள் போட்டால் அவளுக்குக் கண் வலிப்பதில் வியப்பில்லை.

இந்தச் சோதனைகளில் தொல்லை எதுவும் தெரியாமல், விளையாட்டைத் திறந்து ஸ்டிக்கைத் தொட்ட பிறகே வயிறு புரட்டினால், அது இரண்டாவது வகை. வேலை அமைப்புகளில் இருக்கிறது.

நான்கு அமைப்புகள், ஒரே காரணம்

விளையாட்டுக்கு விளையாட்டு மெனுவில் பெயர் மாறும். பெரும்பாலும் Settings என்பதற்குள் Comfort என்ற பகுதியில் இருக்கும். அதிகம் பயன்படுபவை நான்கு.

முதலாவது, திரும்பும் முறை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் அனுபவத்தில் குமட்டலைக் கிளப்புவதில் முன்னோக்கி நடப்பதைவிட ஸ்டிக்கால் திரும்புவதே முன்னால் நிற்கிறது. திரும்பும்போது கண்முன் உள்ள உலகம் முழுவதும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு ஓடும், அரைவட்டக் குழலிலோ ஒரு சலனமும் இருக்காது. மெனுவில் Smooth Turn என்றிருந்தால் இப்படி வழுக்கிக்கொண்டு திரும்பும். அதை Snap Turn என்று மாற்றுங்கள். அப்போது ஸ்டிக்கை ஒரு தட்டுத் தட்டினால் காட்சி 30 அல்லது 45 பாகை சட்டென்று மாறிவிடும். இடையில் ஓடுகிற காட்சியே இல்லை. ஓட்டம் இல்லாததால் "திரும்புகிறேன்" என்று கண் சொல்லாது. காது மறுக்கவும் வேண்டியதில்லை. இதன் குறை, முதல் சில நிமிடங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று கொஞ்சம் குழம்பும். கோணம் பெரிதானால் குழப்பமும் பெரிது. ஆகவே 30-இல் தொடங்குவது நல்லது.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, அது மெனுவில் இல்லை. அலுவலகத்தில் இருக்கும் சுழல் நாற்காலி. உட்கார்ந்து விளையாடும் விளையாட்டுகளில், ஸ்டிக்கைத் தொடாமல் நாற்காலியோடு உடம்பைத் திருப்பினால் கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்லும். சண்டையே வராது. கம்பி இல்லாத ஹெட்செட் என்பதால் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் சிக்காது.

இரண்டாவது, நகரும் முறை. Teleport என்றால் போக வேண்டிய இடத்தைக் கையால் சுட்டிக்காட்டுவோம். திரை ஒரு கணம் இருண்டு, அங்கே போய் நிற்போம். Smooth அல்லது Continuous என்றால் ஸ்டிக்கைத் தள்ளத் தள்ள நடந்துபோவோம். 2020-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் விளையாட்டில் இரண்டுமே இருக்கின்றன. அதில் Blink என்பது கண் சிமிட்டுவதுபோல் இருண்டு மாறுவது. Shift என்பது இருளாமல் விரைவாகப் பாய்ந்து போவது. Continuous என்பது நடப்பது. ஒரே விளையாட்டுக்கு இத்தனை நடைவகை வைத்தது அலங்காரத்துக்கு அல்ல. ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. டெலிபோர்ட்டின் குறையும் உண்டு. வழி மனதில் பதியாது. ஓடிப் பிடிக்கும் விளையாட்டுகளில் அது செல்லுபடியாகாது, அதனால் சிலவற்றில் அந்த வசதியே இருக்காது.

நடக்கும் முறையையே பயன்படுத்த வேண்டியிருந்தால், விமானத்தின் காபியை நினைவில் வையுங்கள். சீரான வேகத்தில் காதுக்கு எதிர்ப்பு இல்லை. வேகம் மாறும்போதுதான் சண்டை. ஆகவே ஸ்டிக்கை அரைகுறையாகத் தள்ளுவதும் விடுவதுமாக இருக்காமல், ஒரு திசையில் நேராகத் தள்ளிப் போய் நின்று, பிறகு திரும்புங்கள். நடந்துகொண்டே திரும்புவதும், பின்னோக்கியும் பக்கவாட்டிலும் நகர்வதும், மாடிப்படி ஏறி இறங்குவதும் கடினமானவை.

மூன்றாவது, விக்னெட். சில விளையாட்டுகளில் Tunneling என்றும் இருக்கும். நகரும்போது மட்டும் பார்வையின் ஓரங்கள் கருத்து, குழாய்க்குள்ளிருந்து பார்ப்பதுபோல் நடுப்பகுதி மட்டும் தெரியும். நின்றதும் விரிந்துவிடும். எழும்பூர் ரயிலில் ஜன்னலை மூடிவிட்டால் எப்படியோ அப்படி. ஓட்டத்தை அதிகம் நம்பவைக்கும் ஓரப்பகுதியை மறைத்துவிடுகிறோம். கூகுள் எர்த் வி.ஆர். செயலியில் பறந்துபோகும்போது இப்படிக் காட்சி சுருங்குவதைப் பார்த்திருக்கலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெர்னாண்டஸ், ஃபைனர் இருவரும் 2016-இல் இதைச் சோதித்தார்கள். பார்வைப் பரப்பைப் படிப்படியாக, நுட்பமாகச் சுருக்கியபோது அசௌகரியம் குறைந்தது. பங்கேற்றவர்களில் பெரும்பாலானோர் சுருங்கியதைக் கவனிக்கவே இல்லை. எனவே "படம் சின்னதாகிவிடுமே" என்று இதை அணைத்துவைக்க வேண்டாம். முதலில் அதிக அளவில் வைத்துத் தொடங்கி, பழகிய பிறகு குறையுங்கள்.

நான்காவது, காட்சியை யார் ஓட்டுகிறார்கள் என்பது. பேருந்து ஓட்டுநரை நினைத்துக்கொள்ளுங்கள். Camera Shake, Head Bob என்று இருப்பவற்றை அணைத்துவிடுங்கள். வெடி வெடித்தால் திரை குலுங்குவதும், நடக்கும்போது தலை ஆடுவதும் நீங்கள் கேட்காமல் விளையாட்டு செய்பவை. ரோலர் கோஸ்டர் காட்சிகளின் சிக்கலும் இதுதான். அதில் நீங்கள் முழுப் பயணி. எந்த அமைப்பும் பெரிதாக உதவாது. ஆனால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? தாத்தா பாட்டிக்கு முதன்முதலாக வி.ஆர். காட்டும்போது "ஜாலியா இருக்கும்" என்று ரோலர் கோஸ்டரைத்தான் போட்டுக்காட்டுகிறோம். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்பவரை முதல் நாளே கொல்லிமலைக்கு அனுப்புவது மாதிரி. மாறாக பீட் சேபர் போன்றதில் நின்ற இடத்திலேயே நிற்கிறோம். கட்டைகள்தாம் நம்மை நோக்கி வருகின்றன. கை, உடம்பு எல்லாம் நிஜமாகவே அசைகின்றன. மெட்டா கடையில் ஒவ்வொரு விளையாட்டின் கீழும் Comfortable, Moderate, Intense என்று மூன்றில் ஒன்று போட்டிருக்கும். புதியவர்களுக்கு முதல் வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு மாணவியின் மூன்று மாலைகள்

நம் வளாகத்தில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவியின் அனுமதியோடு இதைச் சொல்கிறேன். காட்டுக்குள் நடந்து பொருள் தேடும் ஒரு விளையாட்டை அவர் ஆசைப்பட்டு ஆரம்பித்தார். எட்டு நிமிடத்தில் கழற்றி வைத்துவிட்டார். இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. "எனக்கு இதெல்லாம் ஒத்துக்காதுண்ணா" என்றார். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாமல், ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று சொன்னேன். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நான் கேட்பேன். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு குமட்டல் என்று அவர் ஓர் எண் சொல்ல வேண்டும். ஆராய்ச்சியாளர்களும் இப்படித்தான் எண் கேட்கிறார்கள். "பரவாயில்லை" என்ற சொல்லைவிட எண்ணுக்கு நேர்மை அதிகம்.

முதல் மாலை முகப்புத் திரையில் நின்றார். சுவர் மிதக்கவில்லை. ஆனால் எழுத்து சற்று மங்கல். பார்த்தால் லென்ஸ் 68-இல் இருந்தது. 63-க்கு மாற்றினோம், தெளிந்தது. பிறகு விளையாட்டைத் திறந்து, திரும்பாமல் நேராக மட்டும் நடந்து நின்றார். இரண்டாம் நிமிடம் 1, நான்காம் நிமிடம் 1. அடுத்து, நின்ற இடத்தில் ஸ்டிக்கால் மட்டும் வட்டமாகத் திரும்பச் சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, 4 என்றார், கொட்டாவி விட்டார். அங்கேயே நிறுத்திவிட்டோம். வில்லன் யார் என்று தெரிந்துவிட்டது.

இரண்டாம் மாலை ஸ்னாப் டர்ன் 30 பாகை, விக்னெட் அதிகபட்சம், எதிரே ஒரு மேசை விசிறி. விசிறிக் காற்று வியர்வையைக் குறைக்கும். அதோடு நிஜ அறையில் எந்தத் திசை நோக்கி நிற்கிறோம் என்பதையும் உடம்புக்கு நினைவூட்டும். பத்து நிமிடம் நடந்தும் எண் 2-ஐத் தாண்டவில்லை. எண் ஏறுவதற்கு முன்பே நிறுத்தினோம்.

மூன்றாம் மாலை இருபது நிமிடம். பதினெட்டாம் நிமிடம் வரை 2. அதன்பின் விளையாட்டில் ஒரு தள்ளுவண்டி வந்தது. அவர் ஏறி உட்கார, அது தானாகவே பள்ளத்தில் ஓடியது. எண் ஒரே தாவாக 5-க்குப் போனது. அமைப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் ஓட்டுநர் பயணியாகிவிட்டார். இப்படிப்பட்ட இடங்களில் செய்யக்கூடியது ஒன்றுதான், கண்ணை மூடிக்கொள்வது. இப்போது அவர் அதைத்தான் செய்கிறார். சில வாரம் கழித்து விக்னெட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டார். வழுக்கித் திரும்பும் முறைக்கு மட்டும் இன்றுவரை அவர் உடம்பு சம்மதிக்கவில்லை. அதனால் எந்த நஷ்டமும் இல்லை.

"பொறுத்துக்கொள்" என்று ஏன் சொல்லக்கூடாது

இப்போது நான் முதலில் தள்ளிவைத்த கேள்விக்கு வருகிறேன். உடம்பு பழகுவது உண்மைதான். ஆனால் அது குமட்டல் வராத குறுகிய நேரங்களை அடுக்கி அடுக்கிப் பழகுவது. குமட்டல் வந்த பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் வேறொரு பாடம்தான் பதியும். ஒருமுறை கெட்டுப்போன மீனைச் சாப்பிட்டு அவதிப்பட்டவருக்குப் பிறகு மீன் வாசனையே ஆகாமல் போவதுண்டு. அதுபோல ஹெட்செட்டின் ரப்பர் வாசனையை முகர்ந்தாலே வயிறு புரட்டுவதாகச் சொல்பவர்களை என் வேலையில் பார்த்திருக்கிறேன். அப்படி ஆகிவிட்டால் எந்த அமைப்பும் உதவாது. பல வாரம் அதன் பக்கமே போகாமல் இருக்க வேண்டியதுதான்.

வாந்தி திடீரென்று வருவதில்லை. முன்பே தூது அனுப்பும். நெற்றியிலும் மேலுதட்டிலும் குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, முகம் வெளுப்பது, "வயிறு இருக்கிறது" என்ற உணர்வு. பிள்ளைகள் ஆட்டத்தின் சுவாரசியத்தில் இதைச் சொல்லமாட்டார்கள். முகத்தில் பாதி மறைந்திருக்கும். ஆனால் வாயும் கன்னமும் வெளியேதான் தெரிகின்றன. கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று பேச்சை நிறுத்தினால் அதுவே போதுமான அறிகுறி. உடனே கண்ணை மூடச் சொல்லி, மெதுவாகக் கழற்றி, தூரத்தில் இருக்கும் அசையாத ஒன்றைப் பார்க்கவைத்து உட்காரவையுங்கள். குமட்டல் முழுவதும் அடங்கும் வரை, தலை தெளிந்தது என்று தோன்றினாலும் பைக், கார், சைக்கிள் எதையும் ஓட்டக்கூடாது. மாடிப்படியில் தனியாக இறங்கவும் வேண்டாம்.

பயணத்துக்கு முன் போடும் வாந்தி மாத்திரையைப் போட்டுவிட்டு விளையாடலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். அவற்றில் பல தூக்கம் வரவைப்பவை. மாத்திரை போட்டு விளையாடும் அளவுக்கு இது அவசியமான காரியம் இல்லை. ஏற்கெனவே ஒற்றைத் தலைவலி, தலைசுற்றல் நோய், வலிப்பு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். குவெஸ்ட் போன்ற கருவிகளில் தயாரிப்பாளரே வைத்திருக்கும் குறைந்தபட்ச வயது 10. அதுவும் பெற்றோர் கண்காணிக்கும் கணக்கில். நம் அறையில் ஆறு வயதுக் குழந்தைகளும் வரிசையில் நிற்பதைப் பார்க்கிறேன். அதை நிறுத்த வேண்டும்.

குழுவுக்கு என் யோசனை

விற்கவும் வேண்டாம், இப்படியே விடவும் வேண்டாம். ரோலர் கோஸ்டர் செயலியை நீக்கிவிடலாம். மற்ற விளையாட்டுகள் ஒவ்வொன்றிலும் ஸ்னாப் டர்ன் 30, விக்னெட் அதிகபட்சம், டெலிபோர்ட் இருந்தால் டெலிபோர்ட் என்று வைத்துவிடுகிறேன். வேண்டுபவர்கள் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் தொடக்கம் அங்கிருந்து இருக்கட்டும். அலுவலக அறையில் சும்மா கிடக்கும் சுழல் நாற்காலியையும் ஒரு மேசை விசிறியையும் அங்கே கொண்டுபோய் வைக்க அனுமதி வேண்டும். சுவரில் ஒட்ட ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் நான்கே வரி:

1. போட்டவுடன் லென்ஸைச் சரிசெய். எழுத்து தெளிவாகத் தெரிந்த பிறகே ஆட்டம்.
2. முதல் முறை 10 நிமிடம் மட்டும். வயது பத்துக்குக் கீழ் என்றால் வேண்டாம்.
3. ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எண் கேட்க வேண்டும். 3 என்றால் நிறுத்து.
4. நிறுத்திய பிறகு அன்றைக்கு மறுபடி போடாதே.

மூன்றாவது வரிக்கு ஆள் வேண்டும். சனி, ஞாயிறு மாலைகளில் ஆளுக்கு ஒரு மணி நேரம் உட்கார ஆறு பேர் பெயர் கொடுத்தால் போதும். பெயர்ப் பட்டியலைக் காவலாளி மேசையில் வைத்திருக்கிறேன். அந்த ஆறு பேரும் கிடைக்கவில்லை என்றால், விற்றுவிடலாம் என்று சொல்பவர்களின் பக்கம்தான் நானும் கை தூக்குவேன்.